ஓடையைத் தேயிலையின் கணக்கில் எழுதாதிருக்க

வால்பாறையில் நான் முதன்முதலாகப் பறவைக் கணக்கெடுத்தபோது காட்டில் 12 இடங்கள், தேயிலையில் 12 இடங்கள் என்று சரிசமமாகப் பிரித்துக்கொண்டேன். ஒவ்வோர் இடத்திலும் 10 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதினேன். சீகாரப்பூங்குருவி காட்டில் 9 இடங்களில் கேட்டது, தேயிலையில் ஒரே ஓர் இடத்தில். தேயிலை வைத்தால் இந்தப் பறவை போய்விடுகிறது என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

அன்று மாலை டீக்கடையில் ஓர் எஸ்டேட் சூப்பர்வைசரிடம் இதைச் சொன்னேன். அவர் வியப்போடு பார்த்தார். "என்ன சார் சொல்றீங்க, அது எங்க லயனுக்குப் பின்னாடி ஓடைல தெனமும் விடியக்காலைல விசிலடிக்குதே" என்றார். மறுநாள் போய்ப் பார்த்தேன். இரு பக்கமும் தேயிலை, நடுவே பாறைகளுக்கிடையில் ஒரு சிற்றோடை. ஈரப் பாறை ஒன்றின் மேல் கருநீல உடலும் பளபளக்கும் நீலத் தோளுமாக அந்தப் பறவை வாலை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தது.

பிழை எங்கே என்று தேடத் தொடங்கினேன். காட்டுக்குள் நான் நடந்தது ஓடையோரத் தடத்தில். அடர்ந்த காட்டில் எளிதாக நடக்கக் கிடைத்த பாதை அதுதான். தேயிலையில் நடந்தது மேட்டின் முதுகில் ஓடும் ஜீப் பாதையில். ஆக நான் ஒப்பிட்டது காட்டையும் தேயிலையையும் அல்ல. காட்டு ஓடையையும் தேயிலை மேட்டையும். ஓடையை விரும்பும் ஒரு பறவையை, ஓடை இல்லாத இடத்தில் தேடிக் காணாமல், பழியைத் தேயிலை மேல் போட்டிருந்தேன்.

இப்படி நாம் ஒப்பிட நினைத்த வேறுபாட்டோடு கூடவே ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு வேறுபாட்டைத்தான் இந்த அத்தியாயத்தில் குழப்பும் காரணி என்கிறேன். கணக்கெடுத்து முடித்த பிறகு இதைப் பிரித்தெடுப்பது பெரும்பாலும் முடியாது. காட்டுப் புள்ளிகள் எல்லாம் ஓடையோரத்திலும் தேயிலைப் புள்ளிகள் எல்லாம் மேட்டிலும் இருந்தால், எந்தப் புள்ளியியல் முறையாலும் ஓடையின் பங்கு இவ்வளவு, தேயிலையின் பங்கு இவ்வளவு என்று சொல்ல இயலாது. மேட்டுக் காடும் ஓடைத் தேயிலையும் தரவிலேயே இல்லையே. அதனால்தான் வேலை இடத்தேர்விலேயே தொடங்குகிறது.

நிலம் உங்களுக்கு முன்பே தேர்ந்தெடுத்துவிட்டது

வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். 1890களிலிருந்து இங்கே மழைக்காட்டை வெட்டித் தோட்டங்கள் போட்டார்கள். இன்று பெரும்பகுதி தேயிலை; ஊடே காப்பியும் ஏலமும் யூக்கலிப்டஸும். இவற்றுக்கு நடுவில் தீவுகள்போலக் காட்டுத்துண்டுகள் நிற்கின்றன. மேட்டுநிலத்தைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகம்.

அந்தத் துண்டுகள் ஏன் தப்பின? நாணயத்தைச் சுண்டிப் போட்டு யாரும் இதை வெட்டு, அதை விடு என்று முடிவு செய்யவில்லை. சரிவு மிகுந்த இடம், பாறை கிடந்த இடம், கால் புதையும் ஓடைப் பள்ளம் என்று நட வசதிப்படாத இடங்கள் பல தப்பின. மரநிழலில் ஏலம் போட விட்டுவைத்த இடங்களும் உண்டு. பிறகு ஒருமுறை இன்னொரு தோட்டத்தில் எனக்கு வழிகாட்டிய முதியவர் ஒரு துண்டைக் காட்டிச் சொன்னார்: "இது ஏலக்காடு தம்பி. உள்ள பூரா பாறை. அதான் யாரும் தொடல." அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. அங்கே மண்ணடியில் பாறை. அங்கே ஒரு காலத்தில் கீழ்மட்டச் செடிகொடிகளை வெட்டி ஏலம் நட்டிருக்கிறார்கள். இரண்டுமே இன்று அங்கிருக்கும் பறவைகளைப் பாதிக்கக் கூடியவை.

ஆகவே களத்துக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், இந்த ஊரில் எங்கே தோட்டம் வரும், எங்கே காடு மிஞ்சும் என்று முடிவு செய்தவை எவையெவை என்று எழுதுங்கள். வலப்பக்கம், தேயிலை என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் பறவைகளின் வகையையும் எண்ணிக்கையையும் மாற்றக்கூடியவை எவை என்று எழுதுங்கள். இரண்டு பக்கத்திலும் வருபவைதாம் உங்கள் எதிரிகள். வால்பாறைக்கு நான் எழுதிய தாளில் இரண்டு பக்கமும் வந்தவை நான்கு: கடல்மட்டத்திலிருந்து உயரம், சரிவு, ஓடையின் நெருக்கம், மழை.

உயரத்தை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் சறுக்குவது இதில்தான். மலையில் 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. 300 மீட்டருக்கே 2 டிகிரி. மேட்டுநிலத்தின் தேயிலையில் கணக்கெடுத்துவிட்டு, "நல்ல காடு வேண்டும்" என்று 2,000 மீட்டருக்கு மேலுள்ள புல்மேட்டுச் சோலைகளுக்குப் போனால் அங்கே பழனிச் சிரிப்பான் பாடும். அந்தப் பறவை உயர்ந்த மலைகளுக்கு உரியது. கீழே அது இல்லாததற்குக் காரணம் தேயிலைதானா என்று அந்தத் தரவிலிருந்து சொல்லவே முடியாது.

மழையும் அப்படித்தான். சின்னக்கல்லார் தமிழகத்திலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மேட்டுநிலத்தின் எல்லா இடத்திலும் அவ்வளவு பெய்வதில்லை. காட்டுப் புள்ளிகள் ஒரு பக்கமும் தேயிலைப் புள்ளிகள் மறுபக்கமும் குவிந்தால் உங்கள் அட்டவணையில் மழையும் சேர்ந்து பேசும்.

எதைச் சமமாக்கக் கூடாது

இந்த எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு ஆர்வமாக எல்லாவற்றையும் சமமாக்கப் புறப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு மாணவி, காட்டில் மரக்கவிகை 80 விழுக்காடு இருக்கிறதே என்று, தேயிலையிலும் சில்வர் ஓக் மிக நெருக்கமாக நிற்கும் இடங்களை மட்டும் தேடித் தேர்ந்தெடுத்தார். உழைப்பு பெரிது, ஆனால் கேள்வி கைநழுவிப் போயிற்று. மரக்கவிகை குறைவது தேயிலை வைத்ததன் விளைவு. அதன் வழியாகத்தான் தேயிலை பறவைகளைப் பாதிக்கிறது. அதைச் சமமாக்கினால் தேயிலையின் பாதிப்பில் பெரும்பங்கை நாமே துடைத்துவிட்டு, மிச்சத்தை அளந்துகொண்டு நிற்போம். சருகின் தடிமன், பூச்சிமருந்து, தரையின் வெப்பம், பழமரங்கள் இல்லாமை எல்லாம் இதே வகை. இவற்றைப் புள்ளிதோறும் அளந்து வையுங்கள். பாதிப்பு எந்த வழியாக வந்தது என்று பின்னால் ஆராய உதவும். இடம் தேர்ந்தெடுக்க மட்டும் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம்.

சோதனைக் கேள்வி எளியது: தோட்டம் வருவதற்கு முன்பே அது அங்கே இருந்ததா? உயரமும் சரிவும் ஓடையும் இருந்தன, சமமாக்குங்கள். கவிகை இழப்பு பின்னால் வந்தது, விட்டுவிடுங்கள்.

இந்தக் கேள்விக்கு எளிதில் அகப்படாத ஒன்று லயன் வீடுகள். அவை தோட்டத்தோடு வந்தவைதான். ஆனால் வீட்டோரத்தில் காகமும் மைனாவும் சேர்வது எந்த ஊர்க் குடியிருப்பிலும் நடப்பது. உங்கள் கேள்வி "தோட்டம் என்ற முழு ஏற்பாடு" பற்றியதா, "தேயிலை நட்ட பரப்பு" பற்றியதா என்பதைப் பொறுத்தது இது. நான் இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறேன், எல்லாப் புள்ளிகளையும் லயனிலிருந்து 300 மீட்டர் தள்ளி வைக்கிறேன். நீங்கள் முதலாவதை எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. எது என்று முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும்.

"இயற்கைக் காடு" என்பதற்கும் இதே கண்டிப்பு தேவை. காப்பகத்தின் உட்பகுதியில் பல கிலோமீட்டர் தொடர்ச்சியாக இருக்கும் காடு ஒன்று, தோட்டத்தின் நடுவே 20 ஹெக்டேர் துண்டு மற்றொன்று. உட்காட்டையும் தேயிலையையும் ஒப்பிட்டால் தேயிலை நட்டதன் விளைவோடு காடு துண்டானதன் விளைவும், விறகுக்கும் ஏலத்துக்கும் உள்ளே மனிதர் போய்வந்ததன் விளைவும் கலந்து வரும். இந்த அத்தியாயத்தின் எடுத்துக்காட்டில் காடு என்றால் மேட்டுநிலத்தின் காட்டுத்துண்டுகள் மட்டுமே.

கால் போகும் இடத்தில் அல்ல, வரைபடத்தில்

புள்ளிகளை வீட்டில் உட்கார்ந்து, ஒரு பறவையும் கேட்காமல் தேர்ந்தெடுக்க வேண்டும். களத்தில் நின்று தேர்ந்தெடுத்தால் நம் காலும் காதும் ஏமாற்றும். "இந்த இடம் நல்லா இருக்கு" என்று தோன்றுவதற்குக் காரணமே இருவாச்சி சிறகடித்துப் பறந்துபோன ஓசையாக இருக்கும்.

QGIS போன்ற இலவச மென்பொருளில் சாட்டிலைட் படத்தை விரித்து, அதன்மேல் உயரத் தரவை இடுங்கள். 30 மீட்டர் துல்லியமுள்ள உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. சரிவை அதிலிருந்தே கணக்கிடலாம். ஓடைகளையும் சாலைகளையும் லயன்களையும் கோடிட்டுக்கொள்ளுங்கள். பிறகு 300 மீட்டருக்கு ஒன்றாக முழுப் பரப்பிலும் கட்டப்புள்ளிகளைப் போடுங்கள். ஒவ்வொரு புள்ளியும் காட்டில் விழுந்ததா, தேயிலையில் விழுந்ததா, வேறெதிலுமா என்று குறியுங்கள். கலப்பான இடங்களை நீக்கிவிடுங்கள்.

காட்டுப் பக்கம் இன்னொரு வடிகட்டல் உண்டு. நாம் 50 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் கணக்கெடுக்கப் போகிறோம். அந்த வட்டத்தின் விளிம்பு காட்டோரத்திலிருந்து இன்னும் 50 மீட்டராவது உள்ளே இருந்தால்தான் ஓரத்து வெளிச்சமும் ஓரத்துப் பறவைகளும் கலக்காது. அதாவது புள்ளி காட்டோரத்திலிருந்து 100 மீட்டர் உள்ளே இருக்க வேண்டும். 5 ஹெக்டேர் துண்டு சரியான வட்டமாகவே இருந்தாலும் அதன் ஆரம் 126 மீட்டர்தான். புள்ளி வைக்க நடுவில் 26 மீட்டர் ஆரமே மிஞ்சும். நிஜத்தில் துண்டுகள் நீண்டும் வளைந்தும் கிடக்கும். ஆகவே 5 ஹெக்டேருக்குக் குறைந்த துண்டுகள் ஏறத்தாழ எல்லாமே இந்தத் திட்டத்திலிருந்து தாமாகவே விழுந்துவிடும். அதை மறைக்காமல் எழுதுங்கள்: உங்கள் முடிவு சின்னஞ்சிறு துண்டுகளுக்குப் பொருந்தாது.

மிஞ்சிய காட்டுப் புள்ளிகளைக் கணினியிடம் கொடுத்துக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள். R மென்பொருளில் இதற்கு மூன்றே வரி:

```r
set.seed(57)
f <- read.csv("forest.csv")
f[sample(nrow(f)), ]
```

முதல் வரியிலுள்ள எண்ணைக் குலுக்கும் முன்பே குறிப்பேட்டில் எழுதி வைத்தால், நீங்கள் விரும்பியபடி வரும்வரை குலுக்கவில்லை என்பதை யாரும் சரிபார்க்கலாம். வந்த வரிசையில் மேலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு துண்டுக்கு ஒரு புள்ளி மட்டும். ஒரு புள்ளிக்குப் போகும் வழியில் யானைக்கூட்டம் நின்றாலோ அனுமதி கிடைக்காவிட்டாலோ வரிசையில் அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். "பக்கத்துல வசதியா ஒண்ணு இருக்கு" என்று மாற்றினால், வசதி மறுபடியும் உங்கள் திட்டத்துக்குள் நுழைந்துவிடும். கைவிட்ட புள்ளியையும் காரணத்தையும் எழுதி வையுங்கள்.

ஒரு ஜோடியைச் சேர்ப்பது

இப்போது ஒவ்வொரு காட்டுப் புள்ளிக்கும் ஒரு தேயிலைப் புள்ளியை ஜோடியாகத் தேட வேண்டும். விதியை முதலில் எழுதுவோம். உயர வேறுபாடு 75 மீட்டருக்குள். சரிவு வேறுபாடு 8 டிகிரிக்குள். ஓடையிலிருந்து உள்ள தூரம் ஒரே வகுப்பில் (100 மீட்டருக்குள், 100 முதல் 250, அதற்கு மேல்). எந்தக் காட்டோரத்திலிருந்தும் குறைந்தது 500 மீட்டர், தன் ஜோடிக் காட்டிலிருந்து அதிகம் 2.5 கிலோமீட்டர். இந்த அளவுகள் வால்பாறைக்கு நான் வைத்துக்கொண்டவை. உங்கள் மலைக்கு வேறாக இருக்கலாம்.

செய்முறையைக் காட்ட ஒரு பயிற்சிக் கணக்கு. காட்டுப் புள்ளி 1,080 மீட்டரில், 18 டிகிரி சரிவில், ஓடையிலிருந்து 140 மீட்டரில் இருக்கிறது என்று கொள்வோம். அக்கம்பக்கத்தில் மூன்று தேயிலைப் புள்ளிகள்.

முதலாவது 1,100 மீட்டர் உயரம், 6 டிகிரி சரிவு, ஓடை 450 மீட்டர் தள்ளி, காட்டோரம் 150 மீட்டரில். ஜீப் பாதை பக்கத்திலேயே இருக்கிறது. என் முதல் கணக்கெடுப்பில் இதைத்தான் எடுத்திருப்பேன். உயரம் ஒத்துப்போகிறது, மற்ற மூன்றும் இல்லை. இரண்டாவது 1,220 மீட்டர், 20 டிகிரி, ஓடை 150 மீட்டரில், காடு 1.6 கிலோமீட்டர். உயரம் 140 மீட்டர் கூடுதல் என்பதால் இதுவும் தள்ளுபடி. மூன்றாவது 1,040 மீட்டர், 16 டிகிரி, ஓடை 160 மீட்டரில், காடு 900 மீட்டர், லயன் 400 மீட்டர். எல்லா விதியிலும் தேறுகிறது. இதுதான் ஜோடி. விதியில் தேறியவை இரண்டு மூன்று இருந்திருந்தால் குலுக்கி ஒன்றை எடுத்திருப்போம்.

களத்துக்குப் போனால் அந்த மூன்றாவது புள்ளியில் அண்மையில்தான் கவாத்து அடித்திருக்கிறார்கள். பச்சையே இல்லை, மொட்டைக் குச்சிகள், தரையெல்லாம் வெட்டுப்பட்ட கிளைகள். இதைத் தள்ளிவிட்டுப் பசுமையான பீல்டைத் தேடலாமா? கூடாது. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து என்றால், எந்த நேரத்திலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குத் தேயிலை கடந்த ஓராண்டுக்குள் கவாத்து அடித்ததாகத்தான் இருக்கும். 10 தேயிலைப் புள்ளிகளில் இரண்டு கவாத்து பீல்டில் விழுவதுதான் உண்மையான படம். குறித்து வைத்துக்கொண்டு கணக்கெடுங்கள்.

சில காட்டுப் புள்ளிகளுக்கு ஜோடியே அமையாது. 35 டிகிரிச் சரிவில் ஒரு காட்டுத்துண்டு நிற்கும். சுற்றுவட்டாரத்தில் 25 டிகிரிக்கு மேல் தேயிலையே இருக்காது. அந்தப் புள்ளியை விட்டுவிடுவதுதான் நேர்மை. அவ்வளவு செங்குத்தான சரிவில் தேயிலை என்ன செய்யும் என்று இந்த மலை உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

ஜோடிகள் எல்லாம் சேர்ந்ததும் கணக்கெடுப்புக்கு முன் ஒரு சோதனை. காட்டுப் புள்ளிகளின் சராசரி உயரம் 1,075, தேயிலையின் சராசரி 1,040 என்று வந்தால் பலர் திருப்தி அடைந்துவிடுவார்கள். சராசரியோடு நிற்காமல் ஜோடி ஜோடியாகப் பாருங்கள். 10 ஜோடியில் 9-இல் தேயிலையே தாழ்வாக இருந்தால், ஒவ்வொன்றும் விதிக்குள் அடங்கினாலும், மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. விதியை இறுக்கி, அந்த ஜோடிகளை மறுபடியும் சேருங்கள். பறவைத் தரவு இன்னும் வராததால் இதில் ஏமாற்று இல்லை. வந்த பிறகு செய்தால் உண்டு.

அருகிலா, தொலைவிலா

விதியில் 500 மீட்டர் என்றும் 2.5 கிலோமீட்டர் என்றும் இரண்டு எல்லை வைத்தேன். ஒன்றையொன்று எதிர் திசையில் இழுக்கும் இரண்டு அச்சங்களிலிருந்து வந்தவை அவை.

ஜோடிகள் நெருக்கமாக இருந்தால் மழை, மண், பனிமூட்டம் எல்லாம் தாமாகவே ஒத்துவரும். நாம் அளக்கத் தெரியாத காரணிகள்கூட ஓரளவு சமமாகும். ஆனால் மிக அருகில் வைத்தால் காடு தன் பறவைகளைத் தேயிலைக்குக் கடன் கொடுக்கும். காட்டோரச் சில்வர் ஓக்கில் துடுப்புவால் கரிச்சான் வந்து உட்கார்ந்து பூச்சி பிடிக்கும், குக்குறுவான் கூவும். அவை இரவு தங்குவதும் கூடு வைப்பதும் காட்டில். ஆனால் உங்கள் தாளில் தேயிலைப் பறவைகளாக ஏறிவிடும். வேறுபாடு உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். தேயிலையில் பறவைகளுக்குக் குறை ஒன்றுமில்லை என்று ஒருவர் சொல்ல உங்கள் தாளே சாட்சியாகும். ஒரு புள்ளியின் அக்கம்பக்கத்தில் என்ன நிலப்பயன்பாடு இருக்கிறது என்பது பறவைக் கூட்டத்தை மாற்றுகிறது என்பதை ஆனைமலையில் டி. ஆர். சங்கர் ராமன் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துண்டுகளையும் நிழல்தோட்டங்களையும் கொண்டே பேசுகிறது.

தொலைவுக்குப் போனால் கடன் குறையும், மழையும் உயரமும் விலகும். இதற்கு முழுத் தீர்வு கிடையாது. நான் செய்வது, வசதி இருந்தால் ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது தேயிலைப் புள்ளி ஒன்றைக் காட்டோரத்திலிருந்து 100 மீட்டரில் சேர்ப்பது. உயரம், சரிவு, ஓடை விதிகள் அதற்கும் உண்டு. 100 மீட்டரில் நிறையக் காட்டுப் பறவை, 500-க்கு அப்பால் குறைவு என்று வந்தால் காடு எவ்வளவு கடன் கொடுக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆட்கள் போதாவிட்டால் இதை விடுங்கள், 500 மீட்டர் எல்லையை மட்டும் விடாதீர்கள்.

ஜோடியை எண்ணுங்கள், புள்ளியை அல்ல

ஒரு பெரிய காட்டுத்துண்டில் 30 புள்ளி, ஒரே எஸ்டேட்டில் 30 புள்ளி எடுத்துவிட்டு, 60 மாதிரி வைத்திருக்கிறேன் என்று சொல்வது பரவலான தவறு. அந்த 30 புள்ளிகளும் ஒரே காட்டின் வரலாற்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்தக் காட்டில் பெரிய அத்திமரம் இரண்டு பழுத்திருந்தால் 30 புள்ளியிலும் அது எதிரொலிக்கும். நம்மிடம் இருப்பது ஒரு காடும் ஒரு தோட்டமும்தான். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் இந்தப் பிழைக்கென்றே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அன்றிலிருந்து சூழலியல் மாணவர்கள் இதைப் படித்துக்கொண்டே இருக்கிறார்கள், செய்துகொண்டும் இருக்கிறார்கள்.

எத்தனை ஜோடி வேண்டும் என்பதை விரல்விட்டே கணக்கிடலாம். தேயிலையால் எந்த வேறுபாடும் இல்லை என்றால், ஒவ்வொரு ஜோடியிலும் காடு ஜெயிப்பதும் தேயிலை ஜெயிப்பதும் நாணயம் சுண்டுவதுபோல. 4 ஜோடி எடுத்து நான்கிலும் ஒரே பக்கம் ஜெயித்தாலும், தற்செயலாக அப்படி நடக்க 16-இல் 2 வாய்ப்பு இருக்கிறது, அதாவது 12.5 விழுக்காடு. இவ்வளவு வாய்ப்பை வைத்துக்கொண்டு எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. 6 ஜோடியும் ஒரே பக்கம் என்றால் 64-இல் 2, சுமார் 3 விழுக்காடு. 10 ஜோடி இருந்தால் ஒன்று எதிர்ப்பக்கம் போனாலும் தாங்கும்: 9-க்கு 1 அல்லது அதைவிடச் சாய்வாக வர வாய்ப்பு சுமார் 2 விழுக்காடு. 8-க்கு 2 என்றால் அது 11 விழுக்காடாக ஏறிவிடும். ஆகவே 6-க்குக் கீழே இறங்காதீர்கள், 10-ஐக் குறியாக வையுங்கள். ஒரே துண்டில் கூடுதல் புள்ளி வைக்க நேரம் இருந்தால், அந்த நேரத்தை இன்னொரு துண்டுக்குச் செலவிடுங்கள்.

இதோடு இரண்டு மூன்று காடு–காடு ஜோடிகளையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதே விதி, அதே தூரம், இரண்டு பக்கமும் காட்டுத்துண்டு. இரண்டு காடுகளே தமக்குள் 5 வகைப் பறவை வேறுபடுகின்றன என்று தெரிந்தால், காட்டுக்கும் தேயிலைக்கும் இடையே வந்த 6 வகை வேறுபாட்டை எவ்வளவு நம்பலாம் என்பது உடனே விளங்கிவிடும்.

காலையில் நடக்கும் குழப்பங்கள்

நல்ல இடத்தேர்வைக் கணக்கெடுக்கும் முறையால் கெடுத்துவிடவும் முடியும். விடிந்ததும் காடு, எட்டரை மணிக்குத் தேயிலை என்று ஒரே வரிசையில் போனால் பறவைகள் அதிகம் பாடும் நேரம் முழுக்கக் காட்டுக்குப் போய்விடும். ஒரே காலையில் ஜோடியின் இரண்டு புள்ளிகளையும் முடியுங்கள், அடுத்த முறை வரிசையைத் திருப்புங்கள். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் ஒவ்வொரு ஜோடிக்கும் நான்கு முறை போக முடிந்தால் நல்லது. வலசை வந்த கதிர்க்குருவிகள் இரு பக்கமும் அப்போது இருக்கும். இருவர் கணக்கெடுத்தால் ஒருவர் காடு, ஒருவர் தேயிலை என்று பிரித்துக்கொள்ள வேண்டாம். காது கூர்மையானவர் காட்டுக்குப் போனால் காடு அவருடைய காதையும் சேர்த்துக் காட்டும்.

தேயிலையில் 100 மீட்டர் தள்ளியுள்ள புதர்ச்சிட்டுகூடக் கண்ணில் படும். காட்டில் 20 மீட்டரில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் தீக்காக்கை தெரியாது. அதனால் 50 மீட்டருக்கு அப்பால் உள்ளவற்றைத் தனியாக எழுதி, ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். உள்ளே உள்ளவற்றுக்கும் தூரத்தைக் குறியுங்கள். தலைக்கு மேல் பறந்து கடந்தவற்றுக்குத் தனிப் பத்தி வையுங்கள். இவ்வளவு செய்தும் காட்டில் தவறவிடுவது அதிகமாகத்தான் இருக்கும். இந்தக் குழப்பம் காட்டுக்கு எதிராகச் சாய்கிறது. காட்டில் அதிகம் என்ற முடிவு வந்தால் அதை இது பலவீனமாக்காது.

எழுதும்போது

வகைகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். தேயிலைப் புள்ளியில் செம்மீசைச் சின்னான், தையல்சிட்டு, புதர்ச்சிட்டு, மைனா என்று எட்டு வரலாம். காட்டுப் புள்ளியிலும் எட்டு வரலாம். ஒன்றில் இருவாச்சியும் தீக்காக்கையும் உண்டு, மற்றதில் இல்லை. கணக்கெடுக்கப் போகும் முன்பே, மழைக்காட்டை நம்பி வாழும் பறவைகளின் பட்டியலைப் புத்தகங்களைப் பார்த்து எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலிலிருந்து எத்தனை கிடைத்தன என்பதை ஜோடிதோறும் தனியாக ஒப்பிடுங்கள். பட்டியலைத் தரவு வந்த பிறகு எழுதக் கூடாது. என் முதல் கணக்கெடுப்பில் அப்படி எழுதியிருந்தால், சீகாரப்பூங்குருவி அதில் முதல் பெயராக இருந்திருக்கும்.

முடிவை எந்த எல்லைக்குள் சொல்கிறீர்கள் என்பது அதே வாக்கியத்திலேயே இருக்கட்டும். பயிற்சிக் கணக்கைத் தொடர்ந்தால் அது இப்படி வரும்: "வால்பாறை மேட்டுநிலத்தில், 950 முதல் 1,250 மீட்டர் உயரத்தில், 25 டிகிரிக்குக் குறைந்த சரிவில், 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டுத்துண்டுகளையும், காட்டோரத்திலிருந்து 500 மீட்டருக்கு அப்பாலுள்ள தேயிலையையும் ஒப்பிட்ட 10 ஜோடிகளில் 9-இல் மழைக்காட்டுப் பறவை வகைகள் காட்டில் அதிகம்." அதன் கீழே, சமமாக்க முடியாதவற்றை எழுதுங்கள். மண்ணின் ஆழத்தை நாம் அளக்கவில்லை. எந்தத் துண்டில் எந்த ஆண்டுவரை ஏலம் இருந்தது என்ற பதிவு எல்லா எஸ்டேட்டிலும் கிடைக்கவில்லை. அனுமதி தந்த தோட்டங்களுக்குத்தான் போக முடிந்தது. கடைசியாக, கைவிட்ட புள்ளிகளின் அட்டவணை: எண், உயரம், சரிவு, கைவிட்ட காரணம். அடுத்து இந்த மலையில் கணக்கெடுக்க வருகிறவர் முதலில் தேடப்போவது அந்த அட்டவணையைத்தான்.